வகிட்டில் விழும் வெயில்

தலைமுடி மெலிந்தவர்களின் உச்சியில் வெயில் தரும் காயம் பெரும்பாலும் பொடுகு என்றே தள்ளப்படுகிறது. தடுப்பதற்கு ஒரு துண்டும் அரிசியளவு களிம்பும் போதும். ஆனால் எந்தத் துண்டு, எப்போது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டெல்லியில் மே மாத வெயில் 44 டிகிரியைத் தொட்ட நாட்களில் அந்த 47 வயதுப் பெண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. நகரின் தெற்குப் பகுதியில் ஒரு நாற்றுப் பண்ணையில் களை எடுப்பதும் தொட்டி மாற்றுவதும் அவர் வேலை. விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி டெல்லிக்கு வந்து 26 வருடங்கள். இந்த ஊர் வெயிலுக்கு எப்படித் தலையைக் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். துண்டை இரண்டாக மடித்து, நெற்றியிலிருந்து பிடரிவரை இழுத்து, கொண்டைக்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொள்வார்.

சுட்டது ஜூலையில். முந்தைய இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலையில் மெல்லிய மேகமூட்டம், 33 டிகிரி, லேசான காற்று. வேலை தொடங்கிய சிறிது நேரத்தில் துண்டு வியர்வையில் நனைந்து கனத்துவிட, அவிழ்த்து வேலியில் போட்டார். பத்தரையிலிருந்து ஒன்றரை வரை வெறுந்தலையோடு குனிந்து வேலை. வெயில் என்றே தோன்றவில்லை.

மாலை ஆறு மணிக்குத் தலைசீவ உட்கார்ந்தபோது, சீப்பின் பல் வகிட்டைத் தொட்டதும் ஊசியால் கோடு கிழித்ததுபோல எரிந்தது. மறுநாள் காலை குங்குமம் வைக்க விரலைக் கொண்டுபோனார். தொட முடியவில்லை. ஐந்தாம் நாள் வகிடு நெடுக வெள்ளை வெள்ளையாக உரிந்து தோளில் விழுந்தது. "பொடுகுக்கா, எலுமிச்சம்பழம் தேய்ங்க" என்றாள் கூட வேலை செய்யும் பெண். தேய்த்தார். எரிச்சலில் அன்றிரவு தூக்கமில்லை. அடுத்த மூன்று நாட்கள் வேலைக்குப் போகவில்லை, கூலியும் இல்லை. அதற்குப் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனார். மருத்துவர் சீப்பின் வாலால் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "போன வாரம் தலையில் எதுவும் போடாமல் வெளியில் வேலை செய்தீர்களா?"

இந்தக் கேள்வியில்தான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. வெயிலின் சூடும் வெயில் தோலைச் சுடுவதும் ஒன்றல்ல. உடம்புக்கு உறைப்பது வெப்பம். தோலைச் சுடுவது கண்ணுக்கும் தெரியாத, உடம்புக்கும் உறைக்காத புற ஊதாக் கதிர்கள். காற்று குளிர்ந்தால் வெப்பம் குறையும், கதிர் குறையாது. மெல்லிய மேகம் வெளிச்சத்தின் கூச்சத்தைத் தணிக்கும். கதிரில் பெரும்பகுதியைக் கீழே விட்டுவிடும். அதனால் மே மாதம் காவல் காக்கிற எச்சரிக்கை உணர்வு ஜூலையில் தூங்கிவிடுகிறது. மலைப் பகுதியில் இது இன்னும் மோசம். உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது கதிரின் வீரியம் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது. மூணாறிலோ லடாக்கிலோ சில்லென்ற காற்றில் வேலை செய்பவருக்கு, தலை சுடுகிறது என்பதை உணர்த்த ஒரு அறிகுறியும் இல்லை.

நம்பக்கூடிய ஒரே அளவுகோல் நிழல். நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் கதிர் வலுவாக இருக்கிறது என்று அர்த்தம். கடிகாரத்தை நம்புவதில் ஒரு சிக்கல் உண்டு. நாடு முழுவதற்கும் ஒரே நேரம், ஆனால் சூரியனுக்கு அது தெரியாது. உச்சிப் பொழுது குவாஹாத்தியில் ஏறக்குறைய பதினொன்றேகால், பதினொன்றரைக்கே வந்துவிடும். குஜராத்தின் புஜ் நகரில் அது வர முக்கால் மணி, ஒரு மணியாகும். டெல்லியில் ஜூன், ஜூலையில் பன்னிரண்டரைக்குச் சற்று முன்பு. ஜூன் 21 அன்று அந்த நேரத்தில் டெல்லியில் சூரியன் தரையிலிருந்து 85 டிகிரி உயரத்தில் நிற்கிறது. ஐந்தடி உயரமுள்ள பெண்ணின் நிழல் அப்போது 13 சென்டிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். அப்படி நிற்கிற சூரியனுக்கு முகமும் கையும் சாய்வான பரப்புகள். நேராக எதிர்கொள்வது உச்சந்தலை மட்டும்தான்.

அடர்ந்த முடி இயற்கையான கூரை. அதன் அடியில் உள்ள தோலுக்குக் கதிர் அநேகமாகப் போய்ச் சேருவதே இல்லை. அந்தக் கூரையில் வேண்டுமென்றே விடப்படும் கீற்று வகிடு. இளம் வயதில் அது நூல்போல இருக்கும். இரண்டு பக்க முடியும் சாய்ந்து மூடிக்கொள்ளும். நாற்பதுக்கு மேல் பல பெண்களுக்கு முடி நெற்றியில் ஏறாமல் வகிட்டை ஒட்டியே மெலிகிறது. முதல் அடையாளம், முன்பக்க வகிடு பின்பக்கத்தைவிட அகலமாகத் தெரிவது. மருத்துவர் அளந்தபோது இவருடைய வகிடு முன்பகுதியில் ஒரு சென்டிமீட்டர் அகலம். இறுக்கி வாரிப் பின்னல் போடும் பழக்கமும், தலைச்சுமை தூக்குகிறவர்களுக்குச் சும்மாடு உராய்வதும் இதைக் கூட்டலாம். இருபது வருடமாக ஒன்றும் செய்யாத வெயில் இந்த வருடம் ஏன் சுட்டது என்ற கேள்விக்கு விடை அதுதான். வெயில் மாறவில்லை, கூரை மாறிவிட்டது.

எண்ணெய் இதில் உதவும் என்ற நம்பிக்கை தமிழர்களிடம் ஆழமாக உண்டு. தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லதுதான். ஆனால் காலையில் வழிய வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலுக்குப் போனால் நடப்பது நேர் எதிர். எண்ணெய் பட்ட முடி தனித்தனி இழையாக நிற்காமல் கற்றை கற்றையாக ஒட்டிக்கொள்ளும். கற்றைகளுக்கு இடையே தோல் தெரியும். வகிடு ஒன்றாக இருந்தது நான்காகிவிடும். எண்ணெய் தானாகத் தடுக்கும் கதிர் கொஞ்சம்தான். அதன்மேல் பூசும் களிம்பும் நிற்காது. எண்ணெய் தேய்க்க இரவு சரியான நேரம்.

நாற்றுப் பண்ணைப் பெண்ணின் அனுபவத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. சுட்டபோது அவருக்குத் தெரியவில்லை. கதிர் பட்டு மூன்று, நான்கு மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். நான்கைந்து நாளில் தோல் உரியும். சிவந்திருக்கிறதா என்று கண்ணாடியில் தேடுவதில் பயனில்லை. மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு சரியாகத் தெரியாது. தொட்டால் பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, சீப்பு பட்டால் வலிக்கிறதா, தோல் இழுத்துப் பிடித்ததுபோல இருக்கிறதா என்பதே சோதனை.

பொடுகிலிருந்து இதைப் பிரிப்பதும் கடினமல்ல. பொடுகு தலை முழுக்க, காதோரம், புருவம் வரைகூடப் பரவும். அரிக்கும், போகும், திரும்ப வரும். வெயில் உரிப்பு வகிட்டின் கோட்டை விட்டு அகலாது. முதலில் வலி, பிறகுதான் உரிதல். உரிவது பொடியாக இல்லாமல் வெங்காயச் சருகுபோல மெல்லிய ஏடாக வரும். பத்து நாளில் கதை முடிந்துவிடும். எலுமிச்சைச் சாறு, பொடுகு ஷாம்பு, சூடு செய்த எண்ணெய் எல்லாம் வெந்த புண்ணில் வேல்தான். குளிர்ந்த தண்ணீர் நனைத்த மெல்லிய துணியைப் பத்து நிமிடம் வைத்து எடுப்பது, ஓரிரு நாள் வெறும் தண்ணீரில் அலசுவது, காய்ந்து இழுக்கும்போது வாசனை கலக்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி கொஞ்சம், வலிக்குத் தேவையானால் பாராசிட்டமால் -- இவ்வளவே போதுமானது. ஐஸ் கட்டியை நேராக வைக்கக் கூடாது. கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது. காய்ச்சல், வாந்தி, மனக் குழப்பம் வந்தால் அது வகிட்டின் பிரச்சினையே அல்ல. உடம்பு முழுவதையும் வெப்பம் தாக்கியிருக்கிறது, உடனே ஆஸ்பத்திரி.

குங்குமம் தனிச் சங்கடம். வட இந்தியாவில் வகிடு நெடுக சிந்தூரம் இடும் வழக்கம். தமிழ்ப் பெண்களில் பலர் வகிட்டின் தொடக்கத்தில் வைப்பார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்த குங்குமம் இப்போது கடையில் அரிது. சிவப்புச் சாயம் கலந்த பொடிகளில் சில, ஒவ்வாமையைத் தூண்டக்கூடியவை. வெந்து தோல் உரிந்த இடத்தில் அது சுலபமாக உள்ளே போய் வேலையைக் காட்டும். வெயில் புண் ஆறிய பிறகும் குங்குமம் படும் இடம் மட்டும் அரித்துக் கறுத்தால் சந்தேகப்பட வேண்டியது வெயிலை அல்ல, பொடியை. ஆறும்வரை நெற்றியில் மட்டும் பொட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். மாமியார் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்று சிரிக்கிறார் அந்தப் பெண்.

இனி, தடுப்பு. முதல் இடம் துணிக்கே. ஆனால் தலையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கும் கதிர் தடுக்கப்படுகிறது என்பதற்கும் நடுவே நிறைய இடைவெளி உண்டு. துணியை வானத்துக்கு எதிரே, சூரியனைப் பார்க்காமல், தூக்கிப் பிடித்துப் பார்த்தால் நெசவின் கண்கள் வழியே புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். வெளிச்சம் வரும் வழியில் கதிரும் வரும். துவைத்துத் துவைத்து நைந்த வாயில் சேலையின் முந்தானை, வட இந்தியத் தொழிலாளர்கள் போடும் மெல்லிய கம்ச்சா இரண்டுமே ஒற்றை மடிப்பில் சல்லடைதான். இரண்டு மடிப்பில் ஒன்றின் கண்ணை மற்றொன்று மறைக்கும். இன்னொரு மடிப்பும் சேர்ந்தால் புள்ளி அநேகமாகத் தெரியாது. அடர் நிறம் வெளிர் நிறத்தைவிட அதிகம் தடுக்கும்.

பலர் அறியாதது ஈரத்தின் விஷயம். தலை குளிர்ச்சிக்காகத் துண்டை நனைத்துப் போட்டுக்கொள்வது நாடு முழுக்க உள்ள பழக்கம். மெல்லிய வெள்ளைப் பருத்தி பனியன் துணி காய்ந்திருக்கும்போது கதிரில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும் என்றால், நனைந்ததும் மூன்றில் ஒரு பங்கை விட்டுவிடும். ஈரத் துணி ஊடே தெரிவது எதனால், அதே காரணம்தான். ஆனால் 44 டிகிரியில் ஈரத்தை வேண்டாம் என்று சொல்வதும் பேதைமை. வெப்பம் ஆளைக் கொல்லும், வகிட்டுப் புண் கொல்லாது. எனவே நனைப்பதானால் மூன்று, நான்கு மடிப்பாகப் போட வேண்டும். அல்லது தலைக்குக் காய்ந்த துண்டு, கழுத்துக்கு ஈரத் துண்டு. பண்ணைப் பெண் இப்போது செய்வது இரண்டாவது. இரண்டு துண்டு கொண்டுபோகிறார். வியர்வையில் ஒன்று நனைந்தால் மற்றது தலைக்கு வரும்.

குனிந்து செய்யும் வேலையில் மறைப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதும் மாறுகிறது. நிமிர்ந்து நிற்பவருக்கு வகிட்டின் நடுப்பகுதி வெயிலைப் பார்க்கும். களை எடுப்பவர் தலையைக் கவிழ்க்கும்போது வகிடு முடியும் பின்னுச்சியும் பிடரியும் வானத்தைப் பார்க்கும். முன்னால் மட்டும் நிழல் தரும் விளிம்புத் தொப்பி அவருக்குப் பயன்படாது. முந்தானை முக்காடு, குனிந்ததும் நழுவும். கொண்டைக்குக் கீழே போடும் முடிச்சுதான் துண்டைப் பிடித்து வைக்கிறது. தொப்பியே வேண்டுமென்றால் சுற்றிலும் ஏழெட்டு சென்டிமீட்டர் விளிம்பு வேண்டும். உச்சியில் வலையோ, பின்புறம் பட்டைக்கு மேலே அரைவட்ட ஓட்டையோ உள்ள தொப்பிகளில் அந்த ஓட்டையின் வடிவத்திலேயே தலை சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. கட்டடத் தொழிலாளர்களின் பிளாஸ்டிக் ஹெல்மெட் கதிரை நன்றாகத் தடுக்கும். அஸ்ஸாமின் ஜாபி இன்னும் ஒரு படி மேல். மூங்கிலும் ஓலையும் சேர்த்து முடைந்த அந்த அகன்ற தொப்பி தலையை விட்டுச் சற்று உயர்ந்து நிற்பதால், நிழலும் கிடைக்கும், நடுவே காற்றும் ஓடும். வயலுக்கென்று யோசித்துச் செய்த பொருள். இன்று பெரும்பாலும் விருந்தினருக்கு மேடையில் போர்த்தும் பொன்னாடையோடு சேர்ந்துவிட்டது.

'வகிட்டை மாற்றி எடுத்தால் போதும்' என்பது அழகுக் குறிப்புகளில் அடிக்கடி வருவது. பாதிதான் உண்மை. நேர்வகிட்டின் தோல் வருடக்கணக்கில் வெயில் பட்டுக் கொஞ்சம் கறுத்து, தடித்து, பழகியிருக்கிறது. பக்கவாட்டில் புதிதாக எடுக்கும் வகிடு வெயிலையே பார்த்திராத தோல். முதல் நாளே அது சீக்கிரம் சுடும். திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு மறுநாள் வெறுந்தலையோடு சுற்றியவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். (தலையில் பூசும் சந்தனம் குளிர்ச்சி தரும், ஆனால் காய்ந்து வெடித்த சந்தனத்தின் பிளவுகளில் கதிர் தாராளமாகப் புகும்.) வகிடே எடுக்காமல் பின்னோக்கி வாரிக்கொள்வதோ, நேர்கோடாக இல்லாமல் கோணல்மாணலாக எடுப்பதோ மேல். அப்போது இரண்டு பக்க முடியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கோட்டை மறைக்கும்.

துணி கட்டவே முடியாத வேலைகளும் உண்டு. அங்கேதான் சன்ஸ்கிரீன் களிம்பு. கேட்டதும் விலையை நினைத்து ஒதுக்குகிறவர்கள் அதிகம். ஆனால் வகிட்டுக்கு ஆகும் அளவைக் கணக்குப் போட்டால் ஆச்சரியமாக இருக்கும். பாக்கெட்டில் சொல்லும் காப்பு கிடைக்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிகிராம் பூச வேண்டும். இந்தப் பெண்ணின் வகிடு 12 சென்டிமீட்டர் நீளம், ஒரு சென்டிமீட்டர் அகலம். தேவை 24 மில்லிகிராம். ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை. ஒரு நாளைக்கு மூன்று முறை என்றால் மூன்று அரிசி. ஐம்பது கிராம் டியூப் அந்தக் கணக்கில் ஒன்றரை வருடத்துக்கு மேல் வரும். பாதி வீணானாலும் ஒரு பருவத்துக்கு மேல் தாங்கும். எனவே பெரிய டியூப் வாங்குவது வீண். வழுக்கைத் தலை ஆண்களின் கணக்கு வேறு. இரண்டு உள்ளங்கை அளவு உச்சிக்கு, ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கிய அளவு, அதாவது அரை கிராம் வேண்டும். பெரும்பாலோர் இதில் கால்வாசிதான் தடவுகிறார்கள்.

எஸ்.பி.எஃப். 30 என்று போட்டிருக்கும், தண்ணீரைத் தாங்கும் வகை நல்லது. கெட்டியான கிரீம் முடியில் ஒட்டிப் பிசுபிசுக்கும். ஜெல்லோ, குச்சி வடிவில் வருவதோ வகிட்டுக்குத் தோதானது. கிரீம்தான் கிடைக்கிறது என்றால் காது குடையும் பஞ்சுக் குச்சியின் முனையில் எடுத்து, முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கோடு போல இழுக்கலாம். எண்ணெய் இல்லாத, காய்ந்த தோலில், வெளியே கிளம்பக் கால் மணி நேரம் முன்பு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடியும். வியர்வையை அழுத்தித் துடைத்தால் அப்போதே மறுபடியும். இந்த மறுபூச்சில்தான் பலரும் தவறுகிறார்கள். காலை எட்டு மணிக்குப் போட்டது பன்னிரண்டரை மணிச் சூரியனுக்கு இல்லாததற்குச் சமம்.

இத்தனை செய்தும், முன்பெல்லாம் ஒன்றும் செய்யாத பத்து, பதினைந்து நிமிட வெயிலே ஒருவரைச் சுடுகிறது என்றால் புதிதாகச் சாப்பிடும் மாத்திரைகளைப் பார்க்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி, ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயாசைடு போன்றவை தோலை வெயிலுக்குக் கூச வைப்பவை. மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, எழுதித் தந்த மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தர முடியும். வெண்படை உள்ளவர்களுக்கு அந்த வெள்ளைத் திட்டு வகிட்டில் வந்திருந்தால் நிறமியின் பாதுகாப்பே கிடையாது. துணி கட்டாமல் வெளியே போவதே ஆபத்து.

மருத்துவர் அந்தப் பெண்ணை ஒரு மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னதற்கும் காரணம் இருந்தது. கறுத்த தோலில் வெயிலால் புற்றுநோய் வருவது அபூர்வம். அவர் தேடியது வேறு. டிஸ்காய்டு லூப்பஸ் என்ற நோய் தலையில் காசு வடிவத் திட்டாக வரும். அதில் செதில் உதிராமல் வேரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், நடுப்பகுதி வெளுத்துப் பள்ளமாகும், ஓரம் கறுக்கும். வெயில் பட்டால் கிளம்பும். ஆரம்பத்தில் வெயில் புண், பொடுகு என்றே தோன்றும். கவனிக்காமல் விட்டால் அந்த இடத்தில் முடியின் வேர் தழும்பாகி, பிறகு முளைக்கவே முளைக்காது. சீக்கிரம் சிகிச்சை தொடங்கினால் முடியைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. எனவே வகிட்டில் மூன்று, நான்கு வாரம் தாண்டியும் ஆறாத திட்டு, முடி இல்லாமல் வழுவழுவென்று தெரியும் இடம் இரண்டுக்கும் கைவைத்தியம் கூடாது.

ஒரு மாதம் கழித்துப் போனபோது அவர் வகிட்டில் அப்படி எதுவும் இல்லை. தோல் பழைய நிறத்துக்கு வந்திருந்தது. முன்பக்கம் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்திருந்தது, அது நிறம் மங்கச் சில மாதங்கள் ஆகும். முடி மெலிவதற்குத் தனியாக மருந்து எழுதித் தந்திருக்கிறார் மருத்துவர்.

பண்ணையில் இப்போது மேஸ்திரியிடம் பேசி வேலையை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். திறந்தவெளிப் பாத்திகளில் களை எடுப்பது காலை பத்துக்குள். அதற்குப் பிறகு பச்சை வலைக்கூரைக்குக் கீழே தொட்டி மாற்றும் வேலை. நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு சின்ன டியூப் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், நிழலில், ஒரு டப்பாவுக்குள் அது இருக்கிறது. மேலே பேனாவால் திறந்த தேதி எழுதியிருக்கிறது. பத்தரை மணி தேநீருக்கு உட்காரும்போது ஒருவர் வகிட்டை இன்னொருவர் பஞ்சுக் குச்சியால் தொட்டுவிடுகிறார்கள். "பேன் பார்க்கிற மாதிரிதான்" என்கிறார் அவர், துண்டின் முடிச்சை இறுக்கிக்கொண்டே.